குதிகால் திரும்பினால் போதுமா? கிராஸ் குத்தில் காலும் இடுப்பும் செய்யும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்துச்சண்டை கற்க வருகிறவர்கள் முதல் ஆறு மாதத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. எல்லாக் குத்தையும் ஒரே பக்கத்தில் அடக்க முடியாது என்பதால் கிராஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கிராஸ் என்றால் பின் கையால் நேராக விடும் குத்து. வலது கைக்காரர் இடது காலை முன்னால் வைத்து நிற்பதாக வைத்தே எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

கையாலதானே குத்துறோம்? "பவர் தரையிலிருந்து வருது"ன்னு எல்லாரும் சொல்றது சும்மா பேச்சுக்கா?

பேச்சுக்கு இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை அப்படியே நம்பினால் தரைக்குள் ஏதோ மின்சாரம் இருக்கிற மாதிரி தோன்றும். தரை எதையும் உற்பத்தி செய்வதில்லை, வேலை செய்வது தசைதான். தரை செய்வது ஒன்றே ஒன்று: இடம் கொடுக்காமல் நிற்கிறது.

சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைத் தூக்கிக்கொண்டு, பலமாக ஒரு குத்து விட்டுப் பாருங்கள். நாற்காலி பின்னால் நகரும். கை முன்னால் போனால் மிச்ச உடம்பு பின்னால் போக வேண்டும், நியூட்டனின் மூன்றாம் விதி அதுதான். நிற்கும்போது அந்தப் பின்னோட்டம் நமக்குத் தெரிவதில்லை. பாதத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு அதைத் தாங்கிக்கொள்கிறது. இது முதல் விஷயம்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. பாதம் தரையைப் பின்னோக்கி அழுத்தினால், தரை அதே அளவு உடம்பை முன்னோக்கித் தள்ளுகிறது. தொடையிலும் பின்புறத்திலும் உள்ள தசைகள் கைத்தசையைவிடப் பல மடங்கு பெரியவை. அவை செய்யும் வேலை முஷ்டி வரை போய்ச் சேர ஒரே வழி, தரையை மிதித்துத் தள்ளுவதுதான். தள்ளாவிட்டால் அந்தத் தசைகள் உங்களை நிற்க வைக்கும் வேலையோடு நின்றுவிடும்.

இதை யாராவது அளந்து பார்த்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள். 1985-ல் வெளியான சோவியத் ஆய்வு ஒன்று பயிற்சியாளர்களிடையே இன்றும் புழங்குகிறது. நேர்க் குத்தில் காலின் தள்ளல், உடம்பின் சுழற்சி, கை நீளுதல் மூன்றும் எவ்வளவு பங்கு தருகின்றன என்று அதில் பிரித்துப் பார்த்தார்கள். உயர்நிலை வீரர்களிடம் காலின் பங்கு சுமார் 38 சதவீதம், உடம்பின் பங்கு 37, கையின் பங்கு 24. கீழ்நிலை வீரர்களிடம் காலின் பங்கு 16 சதவீதம் சொச்சம்தான். கையின் பங்கு 38-க்கு ஏறிவிட்டது.

இந்த எண்களை ஒரு சமையல் குறிப்பு மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். காலின் வேலை உடம்பு வழியாகத்தான் கைக்கு வருகிறது, எனவே மூன்றையும் தனித்தனியாகக் கத்தரித்து வைப்பது கொஞ்சம் செயற்கையானதே. ஆனால் இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. உடம்பைச் சுழற்றுவதை இரு தரப்பும் செய்கிறார்கள். பெரிய வித்தியாசம் காலில்தான் இருக்கிறது.

மொத்த விசைக்கும் கணக்கு உண்டு. 2000-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், பின் கைக் குத்தின் உச்ச விசை தேர்ந்த வீரர்களிடம் சராசரியாக 4,800 நியூட்டன், இடைநிலையினரிடம் சுமார் 3,700, புதியவர்களிடம் சுமார் 2,400. அதாவது தேர்ந்தவர் புதியவரைப் போல இரண்டு மடங்கு. 4,800 நியூட்டன் என்பது ஏறத்தாழ 490 கிலோ சுமை அழுத்துவதற்குச் சமம். ஆனால் அது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு அளவிலான நேரத்துக்கு மட்டும்தான்.

ஒரு கிராஸ் குத்தில் என்ன முதலில் நடக்குது, என்ன அப்புறம் நடக்குது? வரிசையா சொல்லுங்க.

நிற்கும் நிலையிலிருந்து தொடங்குவோம். பாதங்கள் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளியில் இருக்கின்றன. இடது பாதம் முன்னால், வலது பாதம் பின்னால். இங்கே பலர் கவனிக்காத ஒன்று: வலது பாதம் பின்னால் மட்டும் அல்ல, வலது பக்கமாகத் தள்ளியும் இருக்க வேண்டும். காரணம் கொஞ்ச நேரத்தில் வரும். வலது குதிகால் தரையிலிருந்து லேசாக உயர்ந்திருக்கிறது. எடையில் பாதியோ அதற்குச் சற்று மேலோ வலது காலில் இருக்கிறது. இடுப்பும் தோளும் எதிராளிக்கு ஏறத்தாழ 45 டிகிரி சாய்வாக இருக்கின்றன.

முதலில் அசைவது கை அல்ல. வலது பாதத்தின் முன்பகுதி, பெருவிரலுக்குக் கீழே சதைப்பற்றாக இருக்கிற அந்த இடம், தரையைப் பின்னோக்கி அழுத்துகிறது. மடங்கியிருந்த முழங்கால் நீள்கிறது, தொடை மூட்டும் நீள்கிறது. அதனால் இடுப்பின் வலது பக்கம் முன்னோக்கிப் போகிறது. ஏறக்குறைய அதே சமயத்தில் இடது பாதம் தரையை முன்னோக்கி அழுத்தத் தொடங்குகிறது. அதற்குப் பதிலாகத் தரை இடுப்பின் இடது பக்கத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. வலது பக்கம் முன்னால், இடது பக்கம் பின்னால். காரின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் திருப்புகிற மாதிரி இடுப்பு சுழல்கிறது.

இப்போது அந்தப் பாத இடைவெளிக்கு வருவோம். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் நடுவில் ஒட்டி வைத்துக்கொண்டு திருப்பிப் பாருங்கள், திரும்பாது. இரண்டு பாதமும் ஒரே கோட்டில் இருந்தாலும் அதே கதைதான். தள்ளலும் எதிர்த்தள்ளலும் ஒரே கோட்டில் விழுந்துவிட்டால் சுழற்சிக்கு நெம்பு இல்லை. கயிற்றின்மேல் நடப்பவர் போல நின்று கிராஸ் விடுகிறவர்கள் முதுகை முறுக்கித்தான் சமாளிக்கிறார்கள்.

இடுப்பு திரும்பத் தொடங்கிவிட்டது, தோள் இன்னும் பின்தங்கியிருக்கிறது. வயிற்றின் பக்கவாட்டுத் தசைகள் அந்த நேரத்தில் இழுபடுகின்றன. இழுபட்ட தசை உடனே சுருங்கினால் கூடுதல் விசை கிடைக்கும் என்பது உடலியலில் நன்கு தெரிந்த விஷயம். இந்தப் பின்தங்கல் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதுதான். ஆனாலும் அது இல்லாமல் இடுப்பும் தோளும் கதவுப் பலகை மாதிரி ஒன்றாகத் திரும்பினால் அந்தச் சொடுக்கு கிடைக்காது.

பிறகு தோள் இடுப்பை முந்திக்கொண்டு போகிறது. தோள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் முழங்கை நீள வேண்டும். அதாவது கை, ஓடும் வண்டியிலிருந்து எறியப்படுகிறது. கடைசியில் முன்கை திரும்பி உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு நேராக நிற்க, முஷ்டி இறுக, அடி விழுகிறது.

தோளின் பங்கு எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். முதுகெலும்பிலிருந்து தோள் மூட்டு சுமார் 20 சென்டிமீட்டர் தூரம். தோள் 45 டிகிரி பின்னாலிருந்து 45 டிகிரி முன்னால் வந்தால், தோள் மூட்டு ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் முன்னே வருகிறது. முழங்கை அசையாமலேயே முஷ்டிக்கு அவ்வளவு பயணம் கிடைத்துவிட்டது. 1985-ல் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தை அளந்தபோது முஷ்டி சுமார் 49 சென்டிமீட்டர் பயணித்து, 0.1 நொடிக்குள், நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் இலக்கைத் தொட்டது. மொத்தப் பயணமே அவ்வளவுதான் என்கிறபோது, அந்த 28 சென்டிமீட்டர் சாதாரணம் இல்லை.

பின் பாதத்தைத் திருப்பச் சொன்னாங்க. நல்லாவே திருப்புறேன். ஆனாலும் பேக் சும்மா ஆடுதே தவிர அடியில கனமே இல்ல. ஏன்?

இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். நானும் இரண்டு வருடம் இதே தப்பைச் செய்தவன்.

"சிகரெட்டை மிதித்து அணைக்கிற மாதிரி பாதத்தைத் திருப்பு" என்று சொல்லிக் கொடுப்பது பரவலான வழக்கம். பார்க்கத் தெளிவாக இருக்கும், சொல்லவும் எளிது. சிக்கல் என்னவென்றால், அது விளைவைக் காரணமாகச் சொல்லிக் கொடுக்கிறது. பின் கால் தரையைத் தள்ளி இடுப்பு திரும்பினால், பாதம் தானாகவே திரும்பியாக வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். ஆனால் தள்ளாமலேயே குதிகாலை மட்டும் அழகாகத் திருப்ப முடியும். எடையை அந்தக் காலிலிருந்து எடுத்துவிட்டால் இன்னும் சுலபமாகத் திரும்பும். கண்ணாடியில் பார்த்தால் சரியான குத்து போலவே இருக்கும். உள்ளே ஒன்றும் நடந்திருக்காது.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். எடை 70 கிலோ. எட்டு மாதப் பயிற்சி, நல்ல உடல்வாகு, குதிகால் சுழற்சி படத்தில் போடுகிற மாதிரி இருக்கும். பேக்கில் அடித்தால் பேக் ஊஞ்சல் போல விலகிப் போகும். "டப்" என்ற சத்தம் வராது, ஒரு மந்தமான "தொப்" மட்டும் வரும். பேக் முழுசாக விலகிப் போவதே நல்ல அடி என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் நல்ல அடியில் பேக் விழுந்த இடத்தில் மடங்கி நடுங்கும், அதற்கப்புறம்தான் ஆடும். வெறுமனே விலகிப் போனால் முஷ்டி அங்கே அதிக நேரம் தங்கித் தள்ளியிருக்கிறது என்று பொருள்.

போனில் நொடிக்கு 240 பிரேம் வேகத்தில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தோம். ஒரு பிரேம் என்பது சுமார் 4 மில்லிநொடி. ஓட்டிப் பார்த்தால் மூன்று விஷயம் தெரிந்தது. முதலாவது, குத்து தொடங்குவதற்கு முன்பே அவர் தலையும் எடையும் முன் காலுக்குப் போய்விடுகின்றன. பின் காலுக்குத் தள்ள ஒன்றும் மிச்சமில்லை. இரண்டாவது, முஷ்டி கிளம்பிய பிறகுதான் இடுப்பு அசைகிறது. கை முக்கால் தூரம் போன பிறகு இடுப்பு பின்னாலேயே ஓடி வருகிறது, பேருந்தைத் தவறவிட்டவர் மாதிரி. மூன்றாவது, பாதங்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தன.

கடைசியிலிருந்து தொடங்கினோம். பின் பாதத்தை ஒரு சாண் வெளிப்பக்கம் நகர்த்தச் சொன்னேன். அடுத்து, குதிகாலைத் திருப்பவே கூடாது என்று தடை போட்டேன். கையைத் தாடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பின் பாதத்தால் தரையைப் பின்னோக்கித் தள்ளி, வலது தோளால் பேக்கை முட்ட வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. முதல் நாள் அவருக்கு எரிச்சல், குத்தே இல்லாத குத்துச்சண்டையா என்று. ஆனால் தோளால் முட்டும்போது ஏமாற்ற வழியில்லை. கால் தள்ளினால்தான் தோள் பேக் வரை போய்ச் சேரும். நாலைந்து வகுப்புகளுக்குப் பிறகு கவனித்தால், யாரும் சொல்லாமலேயே அவருடைய குதிகால் திரும்பத் தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகு கையைச் சேர்த்தோம், முதலில் பாதி வேகத்தில், தோள் கிளம்பிய பிறகு கை என்ற வரிசையில்.

மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில் இடுப்பு முஷ்டிக்கு முன்பே அசைவது தெளிவாகத் தெரிந்தது. சத்தமும் மாறியிருந்தது. கூடவே ஒரு புதுப் பிரச்சினையும் வந்தது, அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

அப்போ முன் கால் எதுக்கு? சும்மா நிக்கத்தானா?

முன் கால்தான் பிரேக். பின் கால் தள்ளுவதால் உடம்பு முழுவதுமே முன்னால் போகிறது. முன் கால் அதைத் தடுக்காவிட்டால் நீங்கள் எதிராளியின் மேல் போய் விழுவீர்கள், இடுப்பும் திரும்பாமல் வழுக்கிக்கொண்டே போகும். முன் கால் உறுதியாக ஊன்றி நிற்கும்போது, இடுப்பின் இடது பக்கம் நிற்க, வலது பக்கம் அதைச் சுற்றி வருகிறது. ஈட்டி எறிபவர் கடைசி அடியில் முன் காலைக் குத்தி ஊன்றுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

சோதிக்க எளிய வழி: குத்து முடிந்த நிலையில் அப்படியே உறைந்து நில்லுங்கள். முன் முழங்கால் பாதவிரல்களைத் தாண்டிச் சரிந்திருந்தால், அல்லது மூக்கு முன் முழங்காலைத் தாண்டிப் போயிருந்தால், பிரேக் பிடிக்கவில்லை. பின் பாதம் தரையைவிட்டு எழும்பியிருந்தாலும் பெரும்பாலும் அதே குறைதான்.

அப்படின்னா கை வெறும் கம்பி மாதிரிதானா? கைக்கு வேலையே இல்லையா?

உண்டு. இதைச் சிலர் எதிர்ப்பக்கத்துக்கு இழுத்துவிடுகிறார்கள். முஷ்டியின் கடைசி வேகத்தில் பெரும் பகுதி கை நீள்வதால்தான் வருகிறது. உடம்பு எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் தோளின் வேகம் நொடிக்கு இரண்டு, மூன்று மீட்டர் அளவில்தான் இருக்கும். மீதியைக் கைதான் சேர்க்க வேண்டும். உடம்பு கொடுப்பது வேறு இரண்டு: கை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் கிளம்ப ஒரு தொடக்கம், அடி விழும் நொடியில் முஷ்டிக்குப் பின்னால் ஒரு கனம்.

அந்தக் கனத்தை எண்ணால் சொல்லலாம். ஒலிம்பிக் வீரர்கள் ஏழு பேரை அளந்த ஆய்வு ஒன்று 2005-ல் வந்தது. முஷ்டியின் வேகம் சராசரியாக நொடிக்கு 9 மீட்டர் சொச்சம், குத்துக்குப் பின்னால் இருந்ததாகக் கணக்கிடப்பட்ட நிறை 2.9 கிலோ, விசை சுமார் 3,400 நியூட்டன். முஷ்டியின் நிறை மட்டும் என்றால் அரைக் கிலோ கூட வராது. முழுக் கையும் 70 கிலோ ஆளுக்கு மூன்றரைக் கிலோதான். ஆக, உடம்பு முழுவதும் குத்தின் பின்னால் இருக்கிறது என்று பேசுவது மிகை. ஏறத்தாழ ஒரு கையின் அளவு நிறை, ஆனால் தளராமல், ஒரே துண்டாகப் போய் மோதுகிறது.

கணக்கு இப்படி: 2.9 கிலோவை 9 மீட்டர் வேகத்தால் பெருக்கினால் உந்தம் 26. மோதல் 0.015 நொடியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி விசை 1,700 நியூட்டன் வரும். உச்சம் அதைப் போல இரண்டு மடங்கு இருக்கலாம், அதாவது 3,400. அளந்த எண்ணோடு ஒத்துப்போகிறது. இதில் மணிக்கட்டு மடங்கிப்போனாலோ, முழங்கை வெளியே விரிந்து தோள் பின்வாங்கினாலோ அந்த 2.9 கிலோ குறைந்துவிடும். வேகம் அதேதான், ஆனால் அடி லேசாகிவிடும்.

அதனால் கையில் இறுக்கம் எப்போது வேண்டும் என்பது முக்கியம். தொடக்கத்தில் இருந்தே இறுக்கினால், கையை மடக்கும் தசையும் சேர்ந்து இறுகி, நீட்டும் தசையோடு மல்லுக்கட்டும். போகும் வழியில் தளர்வு, தொடும் கணத்தில் இறுக்கம். அனுபவசாலிகளின் தசைகளில் மின்முனைகளைப் பொருத்தி மின்சைகையைப் பார்த்தபோது, தொடக்கத்தில் ஒரு துடிப்பு, நடுவில் தளர்வு, மோதும்போது இன்னொரு துடிப்பு என்று இரட்டை முகடு தெரிந்திருக்கிறது. சொல்ல எளிது. வரத்தான் நாளாகும்.

ஜாபுக்கும் இதே விதியா?

பாதிக்குப் பாதி. ஜாப் என்றால் முன் கையால் நேராக விடும் குத்து. அந்தக் கை ஏற்கெனவே முன்னால் இருப்பதால் சுழல இடம் குறைவு. ஜாபில் சுழற்சியைவிட, பின் கால் தள்ள முன் கால் ஒரு சிறு அடி முன்னே போவதுதான் கனம் தருகிறது. முன்பு சொன்ன பிரிட்டிஷ் ஆய்விலும் தேர்ந்தவர்களின் முன் கைக் குத்து 2,800 நியூட்டன் சொச்சம்தான். முழங்கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து விடும் ஹூக் நேர்மாறு, அதில் சுழற்சிதான் எல்லாமே. அதைத் தனியாக எழுத வேண்டும்.

பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாதப்போ நான் சரியா பண்றேனான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

போன் இருந்தால் போதும். இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில், அசையாத இடத்தில் வையுங்கள். ஸ்லோ மோஷனில் பத்துக் குத்து எடுங்கள். களைப்பில்லாமல் ஐந்து, களைத்த பிறகு ஐந்து. அரைக்கால் சட்டையின் இடுப்புப் பட்டையில் வலது பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் இடுப்பு எப்போது கிளம்புகிறது என்று சந்தேகமில்லாமல் தெரியும். டேப் முதலில் அசைகிறதா, கையுறை முதலில் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் திருத்தப் பார்த்தால் ஒன்றும் திருந்தாது.

களைத்த ஐந்துதான் உண்மையைச் சொல்லும். கால் சோர்ந்ததும் முதலில் காணாமல் போவது பின் காலின் தள்ளல்தான். கையும் தோளும் மட்டும் மிஞ்சும். மூன்றாவது ரவுண்டில் தோள்பட்டை எரிகிறது என்று சொல்பவர்களில் பலருக்குத் தோளில் பலம் குறைவு இல்லை. கால் விட்ட வேலையைத் தோள் இழுத்துக்கொண்டிருக்கிறது.

வீடியோ இல்லாமல் ஒரு வழி: மழமழவென்ற தரையில் காலுறை மட்டும் போட்டுக்கொண்டு, மெதுவாக, காற்றில் கிராஸ் விடுங்கள். பின் பாதம் பின்பக்கமாக வழுக்கப் பார்த்தால் நீங்கள் தள்ளுகிறீர்கள். இருந்த இடத்திலேயே சும்மா சுழன்றால் தள்ளவில்லை. முழு வேகத்தில் இதைச் செய்து இடுப்பை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இடுப்பைத் திருப்பித் திருப்பி முதுகும் முழங்காலும் வலிக்குது. இது சகஜமா?

சகஜம் என்று விட்டுவிடக் கூடாது. முழங்கால் வலி என்றால், பெரும்பாலும் பின் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டிருக்க இடுப்பு திரும்புகிறது. முறுக்கு முழங்காலில் போய் விழுகிறது. முழங்கால் மடங்கவும் நீளவும் ஆன மூட்டு, முறுக்குக்கு அல்ல. குதிகாலை முழுவதும் தரையில் ஊன்றி நிற்கிறவர்களுக்கும், ரப்பர் பிடிப்பு அதிகமுள்ள ஓட்டக் காலணி அணிகிறவர்களுக்கும் இது அடிக்கடி வரும்.

கீழ்முதுகு வலிக்குக் காரணம் வேறு. கீழ்முதுகு எலும்புகள் எல்லாம் சேர்ந்தே ஒரு பக்கமாகப் பத்துப் பன்னிரண்டு டிகிரிதான் திரும்பும். மீதித் திருப்பம் தொடை மூட்டிலும் மார்புப் பகுதி முதுகிலும் நடக்க வேண்டியது. இடுப்பு நின்ற இடத்தில் நிற்க, தோளை மட்டும் இழுத்துத் திருப்பினால் அந்தப் பத்து டிகிரிக்குமேல் கீழ்முதுகிடம் கேட்கிறீர்கள். வலி ஓய்வு எடுத்தும் போகவில்லை என்றால், அல்லது காலுக்கு இறங்குகிறது என்றால், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பெஞ்ச் பிரஸ் அதிகம் பண்ணா குத்து கனமாகுமா?

கொஞ்சம். ஆனால் இந்தப் பக்கம் முழுவதும் சொன்னதை வைத்துப் பார்த்தால், காலைச் சட்டென்று நீட்டும் பயிற்சிகளும் மெடிசின் பந்தைப் பக்கவாட்டில் சுவரில் எறிவதும் நேரடியாக உதவும். பந்து மூன்று நாலு கிலோவுக்குமேல் வேண்டாம். கனமான பந்து மெதுவாகத்தான் போகும், அந்த மெதுவான சுழற்சியே பழகிவிடும்.

அப்போ ஒவ்வொரு குத்தையும் முழு இடுப்போட விடணுமா?

வேண்டாம். மேலே சொன்ன எழுபது கிலோக்காரருக்கு வந்த புதுப் பிரச்சினை இதுதான். கனம் வந்த சந்தோஷத்தில் எல்லாக் குத்தையும் முழுச் சுழற்சியோடு விட்டார். ஸ்பாரிங்கில் ஒரு வாரம் முழுக்க அடி வாங்கினார்.

முதல் காரணம், முழு கிராஸ் குறி தவறினால் அதை நிறுத்த எதிரே எதுவும் இல்லை. தோள் இலக்கைத் தாண்டிச் சுழன்று, முதுகு பாதி தெரிய, எடை முழுவதும் முன் காலில் போய் மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து திரும்பிவரும் அந்த நேரம் எதிராளிக்குப் போதும். இரண்டாவது, அதிகம் திருப்ப வேண்டும் என்ற ஆசையில் குத்துக்கு முன் வலது தோளைப் பின்னால் இழுத்தார். அந்த இழுப்பு எதிராளிக்குக் கடிதம் போட்டுச் சொல்கிற மாதிரி. சுழல வேண்டிய இடம் நிற்கும் நிலையிலேயே இருக்கிறது, புதிதாக இழுத்துச் சேர்க்கத் தேவையில்லை.

இப்போது அவர் பெரும்பாலான கிராஸ்களை அறுபது எழுபது சதவீதத்தில் விடுகிறார். கால் தள்ளுகிறது, இடுப்பு முதலில் போகிறது, ஆனால் தோள் இலக்குக்கு நேராக வந்ததும் திரும்பிவிடுகிறது. எதிராளி பின்வாங்க இடமில்லாமல் கயிற்றோரம் நிற்கும்போதோ, ஜாபுக்குக் கையை உயர்த்தி மாட்டிக்கொண்டபோதோ மட்டும் முழுசாக விடுகிறார். அந்த வேறுபாட்டைப் பேக் சொல்லித் தராது, அது நகர்வதும் இல்லை, திருப்பி அடிப்பதும் இல்லை. அதனால் வாரத்தில் இரண்டு நாள், நான் கையில் மாட்டிப் பிடிக்கும் மிட்ஸில் அவரைக் குத்த வைக்கிறேன். பத்தில் மூன்று முறை சொல்லாமல் மிட்ஸை இழுத்துக்கொள்வேன். குத்து காற்றில் போன பிறகும் அவருடைய பின் பாதம் தரையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.